அரையாண்டு விடுமுறைக்கு எங்கே போவது? திருச்சி, ஐந்து பேர், ஐந்து நாள், 40,000 ரூபாய்

காவிரிக்கரை

வணக்கம். டிசம்பர் 25 இரவோ 26 காலையோ கிளம்பி 30ஆம் தேதி இரவுக்குள் திருச்சி திரும்ப வேண்டும். நானும் கணவரும், 68 வயது மாமியார், 12 வயதுப் பையன், 6 வயதுப் பெண். எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்குள் முடிக்க நினைக்கிறோம். சொந்தக் கார் இருக்கிறது.

ஊட்டி, மூணாறு, தேக்கடி, வயநாடு, ஹம்பி, கோவா, ராமேஸ்வரம், மைசூர் என்று எட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று நல்லதாகத் தெரிகிறது. எந்த ஊர் என்று சொல்வதைவிட, எப்படி முடிவுக்கு வருவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பைக் ராஜா

யோசிக்கவே வேண்டாம், ஊட்டிதான். முதல் நாள் தாவரவியல் பூங்கா, படகு இல்லம். ரெண்டாம் நாள் தொட்டபெட்டா, குன்னூர், சிம்ஸ் பார்க். மூணாம் நாள் பைக்காரா. காலை அஞ்சு மணிக்கு விட்டா மதியத்துக்குள்ள ரூம்ல இருக்கலாம். மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ரயில்ல போனா பசங்களுக்கும் ஜாலி.

மலைப்பாதை

ராஜா தம்பி, அவர் கேட்டது ஊர்ப் பட்டியல் இல்லை. எட்டு ஊர் ஏற்கெனவே கையில் இருக்கிறது. எதை அடிப்பது என்பதுதான் கேள்வி.

மேடம், ஊர்களைப் பார்ப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் ஐந்து பேரைப் பற்றிச் சொல்லுங்கள். மாமியாருக்கு முழங்கால் எப்படி, படி ஏறுவாரா? குழந்தைகளில் யாருக்காவது மலைப்பாதையில் வாந்தி வருமா? கணவர் இரவில் ஓட்டுவாரா, ஓட்டுவது அவர் ஒருவர்தானா? கடைசியாக, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: இந்தப் பயணத்தில் எது கட்டாயம் வேண்டும், எது வேண்டவே வேண்டாம்? ஆளுக்கு ஒன்று ஒன்றுதான். சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் வைத்துக் கேட்டால் பெரியவர்கள் "எனக்கென்ன, நீங்க எங்க போனாலும் சரி" என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் போன இடத்தில் அறையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

காவிரிக்கரை

கேட்டுவிட்டேன் சார். மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், இருபது படிக்கு மேல் முடியாது. அவருக்குக் கோயில் கட்டாயம் வேண்டும், கடும் குளிர் வேண்டாம். பையனுக்கு விலங்குகள் பார்க்க வேண்டும், மியூசியம் வேண்டாம். பெண்ணுக்கு வளைவுப் பாதையில் பத்தே நிமிடத்தில் வாந்தி. கணவர் ஒருவர்தான் ஓட்டுவார், இருட்டில் ஓட்டமாட்டார். அவருக்குக் கூட்டம் ஆகாது. எனக்கு தினமும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார இடம் வேண்டும், மூன்று நாளில் மூன்று ஊர் மாறுவது வேண்டாம்.

மலைப்பாதை

இது போதும். முதலில் நேரத்தை வைத்து அடிப்போம், ஏனென்றால் நேரத்தைக் கடன் வாங்க முடியாது.

உங்களிடம் ஐந்து நாள் என்று சொல்கிறீர்கள். ஒரு நாளில் விழித்திருந்து வெளியே சுற்றக்கூடிய நேரம் 14 மணி. ஆக மொத்தம் 70 மணி நேரம். குழந்தைகளும் பெரியவரும் உள்ள குழுவுக்குப் போக வர இரண்டும் சேர்த்து அதில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது, அதாவது 17 மணி. ஒரு வழிக்கு எட்டரை மணி நேரம். வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து அறைச் சாவி கையில் வரும் வரை எல்லாம் இதில் அடங்கும்.

மேப் காட்டும் நேரத்தை அப்படியே எடுக்காதீர்கள். ஐந்து பேர் காரில் ஒவ்வொரு முறை இறங்கி ஏறவும் 20 நிமிடம் போகும், சாப்பாட்டுக்கு 45 நிமிடம். மலைப்பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். விடுமுறை வாரத்தில் அதுவும் குறையும்.

மூணாறு: திண்டுக்கல், தேனி, போடி வழியாக 260 கிலோமீட்டர் வாக்கில். மேப் ஆறு மணி நேரம் சொல்லும், உங்களுக்கு எட்டு ஆகும். நேரத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் போடியைத் தாண்டியதும் மூணாறு வரை ஏறக்குறைய 65 கிலோமீட்டர் மலைப்பாதை, பெண்ணுக்கு அது இரண்டரை மணி நேரத் துன்பம். ஊட்டியும் இப்படித்தான், மேட்டுப்பாளையத்திலிருந்து 50 கிலோமீட்டர் ஏற்றம். தேக்கடி 235 கிலோமீட்டர். அங்கே மலை ஏற்றம் என்பது லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி வரை உள்ள கொஞ்ச தூரம்தான், ஆகவே அது நிற்கிறது. ராமேஸ்வரமும் அதே 235தான், முழுக்கச் சமதளம்.

ஹம்பிக்கு இரவு ரயிலில் பெங்களூர் போய், அங்கிருந்து ஹொசப்பேட்டைக்கு இன்னும் ஏழெட்டு மணி நேரம். போக ஒரு பகல், வர ஒரு பகல் போய்விடும். போதாக்குறைக்கு பாறையும் படியும். உங்கள் மாமியாரை வைத்துக்கொண்டு இந்த முறை வேண்டாம். வயநாடும் கோவாவும் நேரத்திலேயே விழுந்துவிட்டன.

மைசூரை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். காரில் சத்தியமங்கலம், திம்பம் வழியாகப் போனால் 330 கிலோமீட்டர் வாக்கில், நடுவில் 27 கொண்டை ஊசி வளைவு. அந்தக் காட்டுப்பாதையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடையும் உண்டு. ஆனால் இரவு ரயிலில் போனால் விழித்திருக்கும் நேரத்தில் போவதே மூன்று நான்கு மணிதான். தூரம் அதிகமான ஊர் நேரக் கணக்கில் பக்கத்து ஊராகிவிடுகிறது. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், கிலோமீட்டரை வைத்து அடித்துவிடுகிறார்கள்.

மிச்சம்: தேக்கடி, ராமேஸ்வரம், மைசூர்.

செல்வி திண்டுக்கல்

நான் ஒன்று சொல்லட்டுமா? டிசம்பர் என்றாலே வடகிழக்குப் பருவமழை. எந்த மலைக்கும் போகாதீங்க, மண்சரிவு வரும். தேக்கடியையும் அடிச்சுடுங்க. ராமேஸ்வரம்தான் பக்கம், செலவும் குறைவு, மாமியாருக்குக் கோயிலும் ஆச்சு. புதுப் பாம்பன் பாலத்துல ரயில்ல போனா பையனுக்கும் பிடிக்கும்.

மலைப்பாதை

செல்வி மேடம், பாதி சரி. மழையைப் பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த மழை எந்தப் பக்கம் பெய்யும் என்று பார்த்தால் உங்கள் தீர்ப்பு தலைகீழாகிறது.

வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து வருகிறது. முதலில் நனைவது கடற்கரையும் டெல்டாவும் ராமநாதபுரமும்தான். நீலகிரியிலும் கிழக்கைப் பார்த்த குன்னூர், கோத்தகிரிச் சரிவுகள்தான் அதிகம் வாங்கும். 2009 நவம்பரில் பெரிய மண்சரிவு ஏற்பட்டது அந்தப் பக்கம்தான். கல்லாறு முதல் குன்னூர் வரை பாதையில் மண் விழுந்து மலை ரயில் நிறுத்தப்படுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ராஜா சொன்ன ரயிலை நம்பித் திட்டம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காரில் ஊட்டி போகிறவர்கள் இ-பாஸ் எடுப்பதையும் மறக்கக்கூடாது.

தெற்குக் கடற்கரையில் டிசம்பர் பிற்பாதிகூட நிச்சயமில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஒவ்வொரு வருடமும் அப்படி நடக்காது. ஆனால் "கடற்கரை பாதுகாப்பு, மலை ஆபத்து" என்ற கணக்கு டிசம்பரில் பொருந்தாது.

மைசூர் பீடபூமியின் உள்ளே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பகலில் 28 டிகிரி, விடியற்காலையில் 16, 17. மழை மிகக் குறைவு. மாமியாருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

இன்னொன்று. "அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்" என்று எல்லா ஊருக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வைத்து எதையும் அடிக்க முடியாது. நீங்கள் போகிற வாரத்தைப் பிடியுங்கள். ஊர்ப் பெயரோடு "டிசம்பர் வெள்ளம்", "பயணிகளுக்குத் தடை", "போக்குவரத்து நெரிசல்" என்று போட்டுக் கடந்த ஐந்து வருடச் செய்திகளைத் தேடுங்கள். மூன்று வருடம் தொல்லை இருந்தால் அந்த ஊருக்கு அந்த வாரம் ஆகாது.

தேனி சிவா

தேக்கடியைப் பற்றி நான் சொல்கிறேன், பக்கத்து ஊர்க்காரன்.

இது ஐயப்ப சீசன். தமிழ்நாட்டுப் பக்தர்கள் பெருவாரியாகக் கம்பம் வழியாகத்தான் போகிறார்கள். நெரிசல் நாட்களில் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கி, மேலே போகும் வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். நீங்கள் நினைத்த குறைந்த மலையேற்றம் அப்போது கிடைக்காது, பெண்ணுக்கு இன்னும் கூடுதல் வளைவு. மண்டல பூஜை 26, 27 தேதி வாக்கில் முடிந்து நடை சாத்துவார்கள், மறுபடி திறப்பது 30இல். நடுவில் இரண்டு மூன்று நாள் பக்தர் கூட்டம் வடியும். ஆனால் அதே நாட்களில் கிறிஸ்துமஸ் சுற்றுலாக் கூட்டம் ஏறும். ஆகவே போவதென்றால் 27க்குப் பிறகு, காலை ஒன்பதுக்குள் கம்பத்தைத் தாண்டும்படி போங்கள்.

பையனுக்கு விலங்கு வேண்டும் என்றீர்கள். இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெரியாறு ஏரியில் படகிலிருந்து யானை பார்க்க வேண்டுமானால் மார்ச் முதல் மே வரை வர வேண்டும். காட்டுக்குள் தண்ணீர் வற்றினால்தான் அவை ஏரிக்கரைக்கு இறங்கும். மழை முடிந்த டிசம்பரில் உள்ளே எல்லா ஓடையிலும் தண்ணீர் ஓடும், அவற்றுக்கு ஏரி தேவையில்லை. நீர்க்காகம், மான், காட்டெருமை கண்ணில் படலாம். காலை 7.30 படகுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அந்த வாரத்துக்கான படகு டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்காவிட்டால் கவுண்டரில் கிடைப்பது கஷ்டம்.

இங்கே வருபவர்கள் ஏமாந்து போவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதினேன். தேக்கடி அருமையான இடம், பையனுக்காக வருவதென்றால் ஏப்ரலில் வாருங்கள்.

மலைப்பாதை

சிவா, பட்டியலில் இருக்க வேண்டிய கேள்வியை நீங்கள் போட்டுவிட்டீர்கள். பருவம் என்றால் மழை, குளிர் மட்டுமில்லை. நாம் பார்க்கப் போகும் பொருள் அந்த மாதத்தில் அங்கே இருக்கிறதா என்பதும்தான். மூணாறுக்குப் பக்கத்து இரவிகுளம் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில், மூடிவிடுவார்கள். வரையாட்டுக்காகப் போகிறவர் "மார்ச் வரை ஏற்ற காலம்" என்பதை நம்பிப் போனால் பூட்டிய வாசலைத்தான் பார்ப்பார்.

மீனா அண்ணா நகர்

இங்கேயே கேட்டுவிடலாமா? நாங்கள் கணவன் மனைவி இருவர், சென்னை. சனி ஞாயிறு மட்டும், 10,000 ரூபாய். டிசம்பர் முதல் வாரம். கொடைக்கானல் போகலாம் என்று இருக்கிறோம், சரிதானே?

மலைப்பாதை

இரண்டு நாள் என்றால் விழித்திருக்கும் நேரம் 28 மணி, கால் பங்கு ஏழு. சென்னையிலிருந்து கொடைக்கானல் 500 கிலோமீட்டருக்கு மேல். வெள்ளி இரவு பேருந்தில் போனாலும் சனி காலை தூக்கம் கெட்டு இறங்குவீர்கள். கொடைக்கானலுக்கு வடகிழக்கு மழையும் உண்டு. மலைதான் வேண்டுமென்றால் ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய் ஏலகிரி ஏறுங்கள், 14 வளைவுதான். அந்த வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தம் இருக்கிறதா என்று வியாழக்கிழமை பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள், அறையும் ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள். மேற்கொண்டு தனி இழை போட்டால் விரிவாகப் பேசலாம்.

கணக்குப்பிள்ளை

காசுப் பக்கம் யாரும் வரவில்லையே. மைசூரை வைத்துப் போட்டுப் பார்க்கிறேன்.

40,000இல் முதலில் பத்தில் ஒரு பங்கை, 4,000 ரூபாயை, எடுத்து ஓரமாக வையுங்கள். மருந்து, வண்டி மாற்றம், பை அறுந்தது, எல்லாம் அதற்குள். அதைத் தொட்டுத் திட்டம் போடாதீர்கள். ஆக 36,000.

அடுத்து அசைக்க முடியாத செலவு, போக்குவரத்து. மூன்றாம் வகுப்பு ஏசியில் ஒருவருக்கு ஒரு வழி சுமார் 1,000 ரூபாய் என்று வைப்போம். பையனுக்கு 12 ஆகிவிட்டதால் முழு டிக்கெட். பெண்ணுக்குப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட், ஆனால் இரவுப் பயணத்தில் படுக்கை எடுத்தே ஆக வேண்டும், அதற்கும் முழுக் கட்டணம்தான். முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, மாமியாருக்கும் முழுசு. ஐந்து பேர், இரு வழி, 10,000.

மிச்சம் 26,000. தங்குவது மூன்று இரவு, இரண்டு அறை. அறைக்கு 2,000 என்றால் 12,000. சாப்பாடு நாளுக்கு 1,500 வீதம் நான்கு நாளுக்கு 6,000. நுழைவுக் கட்டணம், படகு, கேமரா எல்லாம் 2,500. இதோடு 20,500. உள்ளூர் சுற்ற 5,500 மிஞ்சுகிறது. நான்கு நாளும் டாக்சி வைத்தால் இது பத்தாது. ஊருக்குள் ஆட்டோவில் சுற்றி, வெளியூர் போகிற ஒரே ஒரு நாளுக்கு மட்டும் டாக்சி பேசினால் சரியாக நிற்கும்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் அறை வாடகை ஏறும். அது 3,000 ஆகிவிட்டால் அப்படியே 6,000 துண்டு விழும். அப்போது சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், வரும்போது மட்டும் ஸ்லீப்பர் வகுப்பில் வந்தால் 3,000 ரூபாய் வரை மிஞ்சும். டிசம்பரில் ஜன்னலைச் சாத்திவிட்டால் புழுக்கம் இருக்காது. மற்றது, இரண்டு அறைக்குப் பதில் கூடுதல் கட்டில் போட்ட ஒரு பெரிய அறை கேட்டுப் பாருங்கள். மாமியார் அறையில் மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா, லிஃப்ட் உண்டா என்று போனில் கேளுங்கள். படத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

ரயிலடி

மயிலாடுதுறைப் பக்கமிருந்து வரும் மைசூர் எக்ஸ்பிரஸ் இரவில் திருச்சியைத் தொடும், காலையில் மைசூரில் விடும். திரும்பும் வண்டி மாலையில் கிளம்பி விடியும் முன்னே திருச்சி வந்துவிடும். சரியான நேரத்தை டிக்கெட் எடுக்கும்போது பாருங்கள், அட்டவணை மாறிக்கொண்டே இருக்கிறது.

முன்பதிவு இப்போது 60 நாள்தான். 2024 நவம்பரில் 120இலிருந்து குறைத்தார்கள். டிசம்பர் 25ஆம் தேதி வண்டிக்கு அக்டோபர் 26 காலை எட்டு மணிக்குத் திறக்கும். 29ஆம் தேதி திரும்பும் வண்டிக்கு அக்டோபர் 30. இரண்டு தேதியையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறை வாரம், எட்டேகாலுக்கு உட்கார்ந்தால் காத்திருப்போர் பட்டியல்தான்.

மாமியாருக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும். முதியோருக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு தனியாகவோ இருவராகவோ எடுக்கும் டிக்கெட்டுக்குத்தான் பொருந்தும். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் எடுக்க முடியாது, பொது ஒதுக்கீட்டில் கீழ்ப் படுக்கை மீந்திருந்தால்தான் உண்டு. அவருக்குத் தனி டிக்கெட் எடுத்தால் கீழ்ப் படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் வேறு பெட்டியில் விழலாம். என் யோசனை, ஐவருக்கும் ஒன்றாக எடுத்து, "குறைந்தது ஒரு கீழ்ப் படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்ற விருப்பத்தைத் தேர்வு செய்யுங்கள்.

திருச்சியிலிருந்து இடம் இல்லை என்று காட்டினால் உடனே விட்டுவிடாதீர்கள். நடு நிலையங்களுக்கு ஒதுக்கீடு குறைவு. வண்டி கிளம்பும் ஊரிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ டிக்கெட் தேடி, ஏறும் இடம் மட்டும் திருச்சி என்று கொடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும். ஏறும் இடத்தைத் திருச்சி என்று மாற்ற மறந்தால்தான் சிக்கல், நீங்கள் வரவில்லை என்று படுக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

எழில்

எல்லாம் சரி. ஆனால் மலைப்பாதை சாரின் வரிசையோடு எனக்கு உடன்பாடு இல்லை. நேரம், பருவம், காசு என்று அடித்துக்கொண்டே வந்து விருப்பத்தைக் கடைசியில் வைத்தால், ஒவ்வொரு முறையும் வசதியான ஊர்தான் மிஞ்சும். ஹம்பியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வீட்டில் ஆசை இருந்தால் அது இந்த முறையில் எப்போதும் முதல் சுற்றிலேயே விழும். நான் தலைகீழாகச் செய்வேன். எந்த இடத்தின் மேல் உண்மையான ஆசை இருக்கிறதோ அதை முதலில் பிடித்து, அதற்கேற்ற நாட்களையும் மாதத்தையும் தேடுவேன். ஐந்து நாள் போதாதென்றால் இந்த முறை வீட்டிலிருந்து, பணத்தைச் சேர்த்து, கோடையில் ஒன்பது நாள் போகலாம்.

மலைப்பாதை

கோடையில் ஹம்பி வேண்டாம் எழில், அந்தப் பாறைகள் ஏப்ரல் மே மாதத்தில் கொதிக்கும். உங்கள் முறையிலும் பருவம் குறுக்கே வரத்தான் செய்யும்.

ஆனால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு ஊரின் மேல் தீராத ஆசை இருப்பவருக்கு உங்கள் வழிதான். இவர்களுக்கு எட்டு ஊரும் ஒரே மாதிரிதான் தெரிகிறது, தேதி அசையாது, பள்ளி விடுமுறை அப்படி. தேதி அசையாதபோது விருப்பத்தை முதலில் வைத்தால் தேர்ந்தெடுத்த ஊர் நேரத்தில் அடிபடும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அதனால்தான் விருப்பத்தை ஊராக இல்லாமல் "கட்டாயம், வேண்டவே வேண்டாம்" என்று முன்னாலேயே கேட்டு வாங்கினேன்.

எழில்

அது சமாதானமாக இல்லை சார். தேதி அசையாத குடும்பங்கள்தான் பெரும்பான்மை. அப்படியென்றால் பெரும்பான்மையினர் ஆசைப்பட்ட ஊருக்கு எப்போது போவது? இருக்கட்டும், இவர் கேள்விக்கு மைசூர் பொருந்துகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. மைசூரை எங்கள் ஐந்து பேர் சொன்னதோடு வைத்துப் பார்த்தேன். மாமியாருக்கு சாமுண்டி மலை, ஸ்ரீரங்கப்பட்டணம், நஞ்சன்கூடு. பையனுக்கு விலங்குக் காட்சிசாலை, ரங்கனதிட்டு. பெண்ணுக்கு ரயில். ஒரே அறையில் மூன்று இரவு, அது எனக்கு. கூட்டம் ஆகாத கணவருக்குத்தான் ஒன்றும் சரியாக அமையவில்லை. சாமுண்டி மலையில் படி அதிகமாமே?

மலைப்பாதை

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இருக்கிறது, ஆனால் உச்சி வரை சாலையும் உண்டு. வண்டியிலேயே கோயில் அருகே போகலாம். ஏற்றம் கொஞ்ச தூரம்தான், இருந்தாலும் பெண்ணுக்கு வெறும் வயிற்றிலோ வயிறு முட்டச் சாப்பிட்டோ ஏற்ற வேண்டாம். இரண்டு இட்லி கொடுத்து அரை மணி கழித்துக் கிளம்புங்கள், முன் சீட்டில் பெரியவர் மடியில் வைத்து நேராகச் சாலையைப் பார்க்கச் சொல்லாமல், பின் சீட்டின் நடுவில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள், அங்கிருந்தும் முன் கண்ணாடி தெரியும்.

கணவருக்குக் கூட்டம் குறைய வேண்டுமானால் நாட்களை இப்படி அடுக்குங்கள். இந்த முறை 26 சனி, 27 ஞாயிறு. இந்த இரண்டு நாளும் அரண்மனைக்கு உள்ளே போகாதீர்கள். ஞாயிறு இரவு அரண்மனை விளக்கு ஏற்றுவார்கள், அதை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம், உள்ளே போவதைத் திங்கள் காலை வாசல் திறக்கும் நேரத்துக்கு வையுங்கள். சனிக்கிழமை ரயிலிலிருந்து இறங்கிக் குளித்து, தூங்கி, மாலையில் சாமுண்டி மட்டும். ஞாயிறு விடியற்காலையில் டாக்சி பிடித்து முதலில் ரங்கனதிட்டு, முதல் படகுகளில் ஏறிவிடுங்கள். வலசைப் பறவைகள் வந்திருக்கும் மாதம், பாறையில் முதலை படுத்திருப்பதையும் பையன் பார்ப்பான். பிறகு ஸ்ரீரங்கப்பட்டணம் கோயில், வரும் வழியில் சாப்பாடு, பிற்பகல் ஓய்வு. நஞ்சன்கூடு எதிர்த் திசையில் 25 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது, அதையும் இதே நாளில் திணிக்காதீர்கள்.

பிருந்தாவன் தோட்டத்தைச் சேர்க்கச் சொல்லி டாக்சிக்காரர் கேட்பார். விடுமுறை ஞாயிறு மாலை அங்கே போனால் நெரிசலில் நடையும் நிற்பதும்தான், மாமியாரால் முடியாது.

கணக்குப்பிள்ளை

டாக்சி பேசும்போது எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், பார்க்கிங் யார் கொடுப்பது என்பதை எழுத்தில், செய்தியாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். "ரெண்டு இடம், இவ்வளவு ரூபாய்" என்று மட்டும் பேசினால் மாலையில் தொகை ஏறியிருக்கும்.

காவிரிக்கரை

அப்படியென்றால் விலங்குக் காட்சிசாலையை 29ஆம் தேதிக்கு வைக்கிறோம். மாலையில்தானே ரயில்.

தேனி சிவா

29 செவ்வாய்க்கிழமை! மைசூர் விலங்குக் காட்சிசாலைக்குச் செவ்வாய் வார விடுமுறை. பண்டிகை வாரத்தில் சில சமயம் திறந்து வைப்பார்கள், அதை நம்பி வைக்காதீர்கள். பையன் கேட்டது அது ஒன்றுதான்.

மலைப்பாதை

சிவா சொன்னதுதான் சரி. அதைத் திங்களுக்கு மாற்றுங்கள். திங்கள் காலை காட்சிசாலை, திறந்தவுடன். உள்ளே நடை மூன்று கிலோமீட்டர் வரை இருக்கும், மாமியாருக்கு பேட்டரி வண்டிக்கு டிக்கெட் வாங்கிவிடுங்கள், வாசலிலேயே முதலில் அதைக் கேளுங்கள், பிறகு இடம் இருக்காது. அரண்மனையைச் செவ்வாய் காலைக்குத் தள்ளுங்கள். அறையை காலி செய்துவிட்டுப் பெட்டிகளை ஓட்டலிலேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள். நஞ்சன்கூடு திங்கள் மாலை, அன்று சிவன் கோயிலில் கூட்டம் இருக்கும் என்பதையும் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், வேண்டுமா என்று அவரே முடிவு செய்யட்டும்.

அக்டோபர் 26 காலை டிக்கெட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். காத்திருப்புப் பட்டியலில் பத்துக்குள் எண் வந்தால் நவம்பர் 20 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் எண் வந்தால் பொறுக்க வேண்டாம், ரத்து செய்துவிட்டுத் தேக்கடி. பயணிகள் அட்டவணை தயாராகும்போதும் முழுதாகக் காத்திருப்பிலேயே நிற்கும் ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும், கடைசி நாளில் ஐந்து பேருக்கு வேறு வழி கிடைக்காது. ஆகவே இன்றைக்கே குமுளியில் ரத்து செய்யக்கூடிய ஓர் அறையைப் போட்டு வையுங்கள், 27 முதல் இரண்டு இரவுக்கு.

ரயிலடி

பத்து என்பது அதிகம் என்று நினைக்கிறேன். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர், விடுமுறை வாரம். நடு நிலையத்துக்கான காத்திருப்புப் பட்டியல் மெதுவாகத்தான் நகரும். நானாக இருந்தால் ஐந்துக்கு மேல் போனால் விட்டுவிடுவேன்.

காவிரிக்கரை

ஐந்து என்றே வைத்துக்கொள்கிறோம். குமுளி அறையை இன்று மாலை போட்டுவிடுகிறேன். அக்டோபர் 26 காலை ஏழே முக்காலுக்கு நானும் கணவரும் இரண்டு போனில் உட்காருவோம். அவர் திருச்சியிலிருந்து தேடட்டும், நான் கும்பகோணத்திலிருந்து தேடுகிறேன்.

ரயிலடி

இருவரும் வெவ்வேறு கணக்கில் உள்ளே போங்கள், இரண்டு கணக்கிலும் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பயணிகள் பட்டியலில் ஐந்து பெயரையும் வயதையும் முன்னாலேயே சேமித்து வையுங்கள். எட்டு மணிக்குப் பெயர் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் இடம் போய்விடும்.